வாவியில் ஓடும் இரண்டு அலைகள்

(மட்டக்களப்பு தன்னாமுனையில் பரீட்சைக்குத் தயாராகும் மாணவர்களுக்காக ஆற்றப்பட்ட பௌதிகச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தன்னாமுனைக் கரையிலிருந்து பார்த்தால் வாவியின் மேற்பரப்பில் எந்த நேரமும் சிற்றலைகள் ஓடிக்கொண்டிருக்கும். அதே நேரத்தில் அதே நீருக்குள், கண்ணுக்குத் தெரியாமல், வேறொரு வகை அலையும் ஓடுகிறது. கல்லடிப் பாலத்தடியில் நிலாக் காலத்தில் தோணிக்காரர் துடுப்பில் காது வைத்துக் கேட்கிறார்களே, அந்த ஒலிதான் அது. மேலே ஓடும் சிற்றலை ஒரு செக்கனில் ஏறத்தாழ ஒரு சாண் தூரம் போகும். உள்ளே ஓடும் ஒலி அதே ஒரு செக்கனில் ஒன்றரைக் கிலோமீற்றர் போய்விடும். ஒரே வாவி, ஒரே நீர், ஆனால் கதியில் ஆறாயிரம் மடங்கு வித்தியாசம். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டே போனால், உங்கள் பாடத்திட்டத்தில் தனித்தனித் தலைப்புகளாக நிற்கும் குறுக்கலை, நெட்டாங்கலை, அலைச் சமன்பாடு, தலையீடு ஆகிய நான்கும் ஒரே கருத்தின் விளைவுகள் என்பது தெரியவரும். அந்தக் கருத்து இதுதான்: அலையில் பயணம் செய்வது நீரல்ல, நீரின் இடப்பெயர்ச்சி. நீர்த் துணிக்கை தன் இடத்தைச் சுற்றியே ஆடுகிறது. அந்த ஆட்டம்தான் அடுத்த துணிக்கைக்கும், அதற்கடுத்த துணிக்கைக்கும் கைமாறிக்கொண்டு தூரம் போகிறது.

இதற்குச் சான்று வேண்டுமென்றால் தூண்டில் மிதவையைப் பாருங்கள். காற்றில்லாத நேரத்தில் மிதவைக்குச் சற்றுத் தள்ளி ஒரு கல்லைப் போட்டால், வளையம் வளையமாக வரும் அலைகள் மிதவையைத் தூக்கி இறக்கிவிட்டுத் தம் வழியே போய்விடும். மிதவை இருந்த இடத்திலேயே நிற்கும். நீர் அலையோடு போயிருந்தால் மிதவையும் போயிருக்க வேண்டும். இங்கே உடனே ஒரு மறுப்பு எழும், அது நியாயமான மறுப்பும்கூட. கடலில் விழுந்த கட்டை கரைக்கு வந்து சேர்கிறதே, அலை கொண்டுவராமல் வேறு எது கொண்டுவந்தது? பெரும்பாலும் காற்றும் நீரோட்டமும்தான் கொண்டுவருகின்றன. அவை அலையோடு சேர்ந்து நடப்பதால் அலையின் கணக்கில் எழுதிவிடுகிறோம். ஆனால் மறுப்பை முழுவதுமாகத் தள்ளிவிடவும் முடியாது. 2004 டிசம்பர் 26 அன்று நாவலடியும் கல்லடியும் கண்டது இடத்தில் நின்று ஆடும் நீரையல்ல. ஊருக்குள் புகுந்து வந்த நீரை. சுனாமி ஆழ்கடலில் ஓடும்போது அது முறையான அலைதான். 4000 மீற்றர் ஆழத்தில் அதன் கதி மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீற்றர். ஆனால் அதன் உயரம் அந்த ஆழத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை, அதனால் அங்கே நிற்கும் கப்பலுக்கு அது தெரியவும் தெரியாது. கரையருகே ஆழம் குறைகிறது, உயரம் கூடுகிறது. அலையின் உயரம் நீரின் ஆழத்தோடு ஒப்பிடத்தக்கதாக ஆகும் இடத்தில் நீரே நகரத் தொடங்கிவிடுகிறது. ஆகவே "ஊடகம் நகராது, சக்தி மட்டுமே நகரும்" என்று நீங்கள் எழுதும் விதிக்கு ஓர் எல்லை உண்டு. ஆட்டம் சிறியதாக இருக்கும்வரைதான் அது செல்லும். பரீட்சையில் வரும் அலைகள் எல்லாம் அந்த எல்லைக்குள் இருப்பவை.

துணிக்கை இடத்தில் நின்று ஆடுகிறது என்றால், அது எந்தத் திசையில் ஆடுகிறது என்பதே அடுத்த கேள்வி. அலை போகும் திசைக்குச் செங்குத்தாக ஆடினால் குறுக்கலை. அலை போகும் திசைக்குச் சமாந்தரமாக முன்னும் பின்னும் ஆடினால் நெட்டாங்கலை. வரைவிலக்கணம் இவ்வளவுதான், இதை எல்லோரும் எழுதிவிடுவீர்கள். ஆனால் நீருக்குள் ஓடும் ஒலி ஏன் நெட்டாங்கலையாக மட்டுமே இருக்க வேண்டும் என்று கேட்டால் பலர் நின்றுவிடுவார்கள். காரணம் இது. ஆட்டம் நடக்க வேண்டுமென்றால், விலகிய துணிக்கையைப் பழைய இடத்துக்கு இழுக்கும் ஒரு விசை வேண்டும். நீரை அமுக்கினால் அது எதிர்த்துத் தள்ளும். ஆகவே அமுக்கமும் தளர்வும், அதாவது நெருக்கமும் ஐதாக்கமும், நீருக்குள் ஓடலாம். ஆனால் நீரின் ஒரு படையைப் பக்கவாட்டில் நகர்த்தினால், பக்கத்துப் படை அதைத் திரும்ப இழுக்காது. வழுக்க விட்டுவிடும். இழுக்கும் விசை இல்லாத இடத்தில் பக்கவாட்டு ஆட்டமும் இல்லை. இதனாலேயே நில நடுக்கத்தின் குறுக்கலைகள் பூமியின் திரவப் புறக்கோளத்தைக் கடந்து செல்வதில்லை, நெட்டாங்கலைகள் கடந்து செல்கின்றன. நீரின் மேற்பரப்பு மட்டும் விதிவிலக்கு. அங்கே உயர்ந்த நீரைப் புவியீர்ப்பு கீழே இழுக்கிறது, வளைந்த பரப்பைப் பரப்பிழுவிசை மட்டமாக்க முயல்கிறது. இந்த இரண்டும் மென்மையான விசைகள். நீரை அமுக்கும்போது எழும் எதிர்ப்போ மிகக் கடுமையானது. சாண் கதிக்கும் ஒன்றரைக் கிலோமீற்றர் கதிக்கும் இடையிலுள்ள வித்தியாசம் இங்கேதான் பிறக்கிறது.

பாடும் மீன் என்று இந்த மாவட்டமே அடையாளமாக வைத்திருக்கும் அந்த ஒலியைச் சற்றுக் கிட்ட நின்று பார்ப்போம். அதை எழுப்புவது மீனா, சிப்பியா என்பது பற்றி நெடுங்காலமாக வாதம் உண்டு. மட்டக்களப்பில் பணியாற்றிய யேசு சபைத் துறவியான லாங் அடிகள் அதைப் பதிவு செய்ய, இலங்கை வானொலி ஒலிபரப்பியது. எழுப்புவது எதுவாயினும் கேட்கும் முறை ஒன்றுதான். தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் விட்டு, மறுமுனையில் காதை வைப்பார்கள். துடுப்பு ஏன் வேண்டும்? நீரில் வரும் ஒலி நீர்ப்பரப்பைத் தொட்டதும் ஏறக்குறைய முழுவதும் உள்ளேயே தெறித்துவிடுகிறது. அதன் சக்தியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் காற்றுக்குள் வருகிறது. நீர் அடர்ந்தது, அமுக்கத்துக்கு இணங்காதது. காற்று லேசானது, எளிதில் அமுங்குவது. இரண்டுக்கும் பொருத்தமில்லை. மரமோ இந்த வகையில் நீருக்கு மிகவும் கிட்டியது. ஆகவே நெருக்கமும் ஐதாக்கமும் நீரிலிருந்து மரத்துக்குள் எளிதாக ஏறி, துடுப்பின் நீளவாட்டில் ஓடிக் காதின் எலும்பைத் தொடுகின்றன. பௌதிகம் படியாத தோணிக்காரர் கண்ட வழி, பௌதிகம் சொல்லும் வழிதான்.

இனி ஒரு கடினமான மறுப்பு. கெட்டிக்கார மாணவர் ஒருவர் கேட்கலாம்: நீர்ப்பரப்பில் ஓடும் அலை உண்மையில் குறுக்கலைதானா? மிதவையை நெருக்கமாகக் கவனித்தால் அது மேலும் கீழும் மட்டும் போவதில்லையே. சரியான கவனிப்பு. முடி வரும்போது மிதவை சற்று முன்னே போகிறது, தாழி வரும்போது சற்றுப் பின்னே வருகிறது. ஆழமான நீரில் துணிக்கையின் பாதை ஏறத்தாழ ஒரு வட்டம். ஆகவே நீர்ப்பரப்பலையில் செங்குத்து ஆட்டமும் சமாந்தர ஆட்டமும் கலந்திருக்கின்றன. அப்படியானால் பாடநூல் பிழையா? பிழையல்ல, எளிமைப்படுத்தல். நாம் அளப்பது மேற்பரப்பின் உயர்வையும் தாழ்வையும் மட்டுமே. தலையீட்டுக் கோலமும் அந்த உயர்வு தாழ்வினால்தான் கண்ணுக்குத் தெரிகிறது. பாடத்திட்டம் நீரலையைக் குறுக்கலைக்கு உதாரணமாகக் கேட்டால் தயங்காமல் எழுதுங்கள். ஐயமற்ற உதாரணம் வேண்டுமென்றால் இழுத்துக் கட்டிய இழையில் ஓடும் அலையை எழுதுங்கள்.

அலைச் சமன்பாட்டுக்கு வருவோம். ஓர் ஆட்டம் முழுதாக முடிய எடுக்கும் நேரம் T. அந்த நேரத்தில் அலை தன் நீளம் ஒன்றைக் கடந்துவிடும், அதாவது λ தூரம். கதி என்பது தூரத்தை நேரத்தால் வகுத்தது; ஆகவே v = λ/T. மீடிறன் f = 1/T என்பதால்,

v = fλ

இதில் மனப்பாடம் செய்ய எதுவுமில்லை. அலை என்ன செய்கிறது என்பதை எழுத்தில் எழுதினால் வருவது இது. ஆனால் இந்தச் சமன்பாடுதான் அதிகமான புள்ளிகளைப் பறிக்கிறது. காரணம், சமன்பாட்டின் மூன்று எழுத்துகளும் ஒரே தகுதியுடையவை என்று எண்ணிவிடுவது. "மீடிறனை இரட்டித்தால் கதி என்னவாகும்?" என்ற கேள்விக்கு "கதியும் இரட்டிக்கும்" என்று எழுதிவிடுகிறார்கள். எழுத்துகளை மட்டும் பார்த்தால் அது சரி போலவே தோன்றும். ஆனால் யார் எதைத் தீர்மானிக்கிறார் என்று கேட்க வேண்டும். மீடிறனைத் தீர்மானிப்பது அலையை எழுப்பும் முதல். கதியைத் தீர்மானிப்பது ஊடகம், அதாவது துணிக்கையை மீட்டு இழுக்கும் விசை எவ்வளவு கடுமையானது, இழுக்கப்படும் பொருள் எவ்வளவு கனமானது என்பது. இரண்டும் தீர்மானமான பிறகு மிஞ்சுவது அலைநீளம். அதற்குச் சொந்த விருப்பம் கிடையாது. மற்ற இரண்டுக்கும் ஏற்ப அது அமையும்.

குற்றலைத் தாங்கியில் இதை அளந்து பார்க்கலாம். அதிரும் கோலில் பொருத்திய சிறு உருண்டை செக்கனுக்கு 20 தடவை நீரைத் தொடுகிறது என்று வையுங்கள். பிளவுகள் வெட்டிய வட்டத்தட்டைச் சுழற்றி அதனூடாகப் பார்த்து அலைகளை நின்றவை போலத் தோன்றச் செய்து, முதலாவது முடியிலிருந்து பத்தாவது முடிவரை அளக்கிறோம். நீரில் அந்தத் தூரம் 10.8 சென்ரிமீற்றர். இங்கே பலர் 10ஆல் வகுத்து 1.08 என்று எழுதுவார்கள். பத்து முடிகளுக்கு இடையே ஒன்பது இடைவெளிகள்தான் உண்டு. 10.8ஐ 9ஆல் வகுத்தால் அலைநீளம் 1.2 சென்ரிமீற்றர். கதி 20 × 1.2 = 24, அதாவது செக்கனுக்கு 24 சென்ரிமீற்றர், அல்லது 0.24 மீற்றர். இன்னொரு வழுவும் இதே இடத்தில் காத்திருக்கிறது. மேலே விளக்கு, நடுவே தாங்கி, கீழே வெள்ளைத்தாள் என்று வைத்திருப்பதால், தாளில் விழும் நிழல் நீரில் உள்ள அலையைவிடப் பெரியதாக இருக்கும். நீளம் தெரிந்த ஒரு அடிமட்டத்தைத் தாங்கியில் வைத்து அதன் நிழல் எத்தனை மடங்கு பெரியது என்று பார்த்துத் திருத்தாவிட்டால் கதி கூடுதலாகவே வரும். இப்போது அதிர்வை செக்கனுக்கு 10 தடவையாகக் குறைத்தால் அலைநீளம் 2.4 சென்ரிமீற்றராகிறது. 10 × 2.4 = 24. மீடிறன் பாதியானது, அலைநீளம் இரட்டித்தது, கதி அசையவில்லை.

இதற்கும் ஒரு மறுப்பு உண்டு. நீரின் சிற்றலைக்கு இந்த விதி உண்மையிலேயே முழுமையாகப் பொருந்துமா? கண்டிப்பாகச் சொன்னால் பொருந்தாது. நீரலையின் கதி அலைநீளத்தைச் சார்ந்து மாறும். நீளமான அலையைப் புவியீர்ப்பு ஆள்கிறது, குறுகிய அலையைப் பரப்பிழுவிசை ஆள்கிறது. இரண்டும் கைகோக்கும் இடத்தில், அதாவது அலைநீளம் ஏறத்தாழ 1.7 சென்ரிமீற்றராக இருக்கும்போது, கதி மிகக் குறைவாக இருக்கும். ஏறத்தாழ செக்கனுக்கு 23 சென்ரிமீற்றர். அதற்கு இரு பக்கமும், 1 சென்ரிமீற்றரிலிருந்து 3 சென்ரிமீற்றர்வரை, கதி 23க்கும் 25க்கும் இடையிலேயே நிற்கிறது. பாடசாலைத் தாங்கியில் நாம் எழுப்பும் அலைகள் பெரும்பாலும் இந்தப் பள்ளத்துக்குள்தான் விழுகின்றன. அதனால்தான் பரிசோதனையில் கதி மாறாதது போலத் தோன்றுகிறது. நீரின் ஆழமும் மாறாமல் இருக்க வேண்டும். தாங்கி சரிந்திருந்தால் ஆழம் குறைந்த பக்கத்தில் அலைமுகங்கள் நெருங்கிவிடும். அலைகள் ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் ஐதாகவும் தெரிந்தால் முதலில் தாங்கியின் மட்டத்தைப் பாருங்கள். ஒலிக்கு இந்தச் சிக்கல் இல்லை. வாவியில் 300 ஹேர்ட்ஸ் மீடிறனுள்ள ஓர் ஒலி எழுந்தால் நீரில் அதன் அலைநீளம் 1500 / 300 = 5 மீற்றர். அதில் காற்றுக்குள் தப்பி வரும் சிறு பங்குக்கு, கதி 350 என்று எடுத்தால், 350 / 300 = 1.17 மீற்றர். ஊடகம் மாறியது, கதி மாறியது, அலைநீளம் மாறியது. மீடிறன் மாறவில்லை, ஏனென்றால் எல்லையில் நீர் எத்தனை தடவை தள்ளுகிறதோ அத்தனை தடவைதான் காற்றும் தள்ளப்படும்.

இறுதியாகத் தலையீடு. நகர்வது நீரல்ல, இடப்பெயர்ச்சி என்பதை ஏற்றுக்கொண்டவருக்கு இது எளிது. இரண்டு அலைகள் ஒரே இடத்தில் சந்தித்தால் இரண்டின் இடப்பெயர்ச்சிகளையும் குறியோடு கூட்டிக்கொள்ள வேண்டும். நீரே நகர்ந்து வந்திருந்தால் இரு நீரும் மோதிக் குழம்பியிருக்கும். அப்படி நடப்பதில்லை. சந்தித்த அலைகள் சந்திப்பின் பின் ஒன்றும் நடவாதது போலத் தம் வழியே போகின்றன.

முன்பு சொன்ன 20 ஹேர்ட்ஸ் அதிர்வில், ஒரே கோலில் A, B என்று இரண்டு உருண்டைகளை 3.6 சென்ரிமீற்றர் இடைவெளியில் பொருத்துவோம். ஒரே கோல் என்பது முக்கியம். அப்போதுதான் இரண்டும் ஒரே கணத்தில் நீரைத் தொடும், எப்போதும் ஒரே அவத்தையில் இருக்கும். வாவியில் இரண்டு பேர் தனித்தனியே துடுப்பால் அடித்தாலும் அலைகள் கூடத்தான் செய்யும். ஆனால் அடிகளுக்கு இடையிலான தொடர்பு ஒவ்வொரு கணமும் மாறுவதால் கோலம் நிலைத்து நிற்காது, கண்ணுக்கும் தெரியாது. இப்போது P என்ற புள்ளி A இலிருந்து 9.6 சென்ரிமீற்றர், B இலிருந்து 8.4 சென்ரிமீற்றர் என்று கொள்ளுங்கள். பாதை வித்தியாசம் 1.2 சென்ரிமீற்றர், சரியாக ஓர் அலைநீளம். A இன் முடி வந்து சேரும்போது B இன் முடியும் வந்து சேரும். நீர் இரண்டு மடங்கு உயரும், அரை ஆட்டத்தின் பின் இரண்டு மடங்கு தாழும். இது ஆக்கத் தலையீடு. Q என்ற புள்ளி A இலிருந்து 9.0, B இலிருந்து 8.4. வித்தியாசம் 0.6, அரை அலைநீளம். A இன் முடி வரும்போது B இன் தாழி வரும், கூட்டினால் பூச்சியம், நீர் ஆடாது. இது அழிவுத் தலையீடு. தாங்கியில் உற்றுப் பார்த்தால் Q இல் மிகச் சிறிய நடுக்கம் தெரியும். A இன் அலை சற்றுக் கூடுதல் தூரம் வந்ததால் சற்று மெலிந்திருக்கிறது, ஆகவே கழித்தல் முற்றாக முடிவதில்லை. விடையில் பூச்சியம் என்றே எழுதலாம், ஆனால் வீச்சங்கள் சமம் என்று கொண்டோம் என்பதை நினைவில் வையுங்கள்.

A யையும் B யையும் இணைக்கும் கோட்டின் நடுப்புள்ளிக்கு இரு முதல்களும் சம தூரத்தில் இருப்பதால் அங்கே நீர் முழுதாக ஆடும். அதிலிருந்து 0.3 சென்ரிமீற்றர் நகர்ந்தால் ஒரு பக்கத் தூரம் 0.3 கூடும், மறுபக்கத் தூரம் 0.3 குறையும், வித்தியாசம் 0.6, நீர் அசையாது. மேலும் 0.6 நகர்ந்தால் அடுத்த அசையாப் புள்ளி, அதாவது நடுவிலிருந்து 0.9இல். அதற்கடுத்தது 1.5இல். இரு பக்கமும் சேர்த்து ஆறு. இந்த ஆறு புள்ளிகளிலிருந்தும் ஆறு வளைகோடுகள் வெளியே விரிந்து போகும். தாங்கியில் நீங்கள் காணும் அமைதியான கோடுகள் அவைதான். அவற்றுக்கு இடையே ஐந்து கோடுகளில் அலை பலமாக ஓடும். மீடிறனை 10 ஹேர்ட்ஸாகக் குறைத்தால் அலைநீளம் 2.4 ஆகிவிடும், முதல்களுக்கிடையே ஒன்றரை அலைநீளம்தான் இருக்கும். அசையாக் கோடுகள் நடுவுக்கு இரு பக்கமும் ஒவ்வொன்றாக, இரண்டாகச் சுருங்கிவிடும். கோலம் ஐதானால் அலைநீளம் கூடியிருக்கிறது என்று தாங்கியைத் தொடாமலே சொல்லலாம்.

Q இல் இரண்டு அலைகளும் வந்தன, நீர் அசையவில்லை. அந்தச் சக்தி எங்கே போனது? இது பரீட்சையில் அரிதாகவே கேட்கப்படுகிறது, ஆனால் கேட்கவேண்டிய கேள்வி. ஓர் அலை தனியே கொண்டுவரும் சக்தியை 1 என்று வைப்போம். சக்தி வீச்சத்தின் வர்க்கத்துக்கு விகிதசமம். P இல் வீச்சம் இரண்டு மடங்கு, ஆகவே சக்தி நான்கு மடங்கு. Q இல் பூச்சியம். இரண்டு இடங்களின் சராசரி 2. இரண்டு அலைகள் கொண்டுவந்ததும் 2. சக்தி அழியவில்லை, இடம் மாறிப் பங்கிடப்பட்டிருக்கிறது. "அழிவுத் தலையீட்டில் சக்தி அழிகிறது" என்று எழுதுபவர் சக்திக் காப்பு விதியையே மறுத்துவிடுகிறார்.

செய்முறையில் கோலம் தெளிவாக வராவிட்டால் மூன்று இடங்களைப் பாருங்கள். தாங்கியின் விளிம்பில் பஞ்சோ துணியோ வைக்காவிட்டால் அலைகள் சுவரில் தெறித்துத் திரும்பி, மூன்றாவது நான்காவது முதல்கள் போல வேலை செய்யும். அமைதிக் கோடுகளுக்குக் குறுக்கே புதிய கோடுகள் ஓடினால் அதுவே காரணம். ஒரு உருண்டை ஆழமாகவும் மற்றது மேலோட்டமாகவும் தொட்டால் வீச்சங்கள் சமமாக இரா, அமைதிக் கோடுகள் நடுங்கிக்கொண்டேயிருக்கும். மூன்றாவதாக, நடுக்கோட்டைப் பாருங்கள். இரு முதல்களும் ஒரே அவத்தையில் இருந்தால் அங்கே அலை பலமாக ஓட வேண்டும். அங்கே நீர் அமைதியாக இருந்தால், ஒன்று நீரைத் தொடும்போது மற்றது உயர்கிறது என்று பொருள். அப்போது விதிகள் அப்படியே தலைகீழாகும்: முழு அலைநீள வித்தியாசம் அழிவைத் தரும், அரை அலைநீள வித்தியாசம் ஆக்கத்தைத் தரும். ஆகவே வினாத்தாளில் தலையீட்டுக் கணக்கைக் கண்டால், பாதை வித்தியாசத்தைக் கணக்கிடும் முன், "ஒரே அவத்தையில் அதிரும் இரு முதல்கள்" என்றா, "எதிர் அவத்தையில் அதிரும் இரு முதல்கள்" என்றா எழுதியிருக்கிறது என்று வாசித்துக்கொள்ளுங்கள்.